வாரத்துக்கு ஒரு கேள்வி

வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பேசினால் புரிந்துகொள்வார்கள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். மதுரையில் உட்கார்ந்து இணையவழியில் வகுப்பு எடுக்கும் எங்களிடம் அதிகமாக வருவது இந்தப் பிள்ளைகள்தான். இவர்களுக்குச் சொற்கள் ஓரளவு தெரியும். தக்காளி, பூனை, பாட்டி, தூக்கம் எல்லாம் தெரியும். சொல்லோடு சொல்லை ஒட்டவைக்கும் உருபுகள்தான் வராது. "நான் பசிக்குது", "நான் பூனை பிடிக்கும்", "அம்மா குடுத்தேன்" என்று வாக்கியம் உடையும். இரண்டு முறை உடைந்து, யாராவது சிரித்துவிட்டால், மூன்றாவது முறை பிள்ளை ஆங்கிலத்துக்குப் போய்விடும்.

உருபைக் கற்றுத்தர இலக்கணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் கேள்விச் சொல்லே உருபைச் சுமந்து வருகிறது. 'யாருக்கு?' என்றால் 'பாட்டிக்கு'. 'யார்கிட்ட?' என்றால் 'அம்மாகிட்ட'. 'எதுல?' என்றால் 'பஸ்ஸுல'. 'எங்கருந்து?' என்றால் 'வீட்டுலருந்து'. கேள்வியின் வால் பதிலிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு கேள்விச் சொல் என்று வைத்துக்கொண்டால், வகுப்புத் திட்டம், விளையாட்டு, பிழைதிருத்தம், பெற்றோருக்கான செய்தி எல்லாமே அதிலிருந்து பிறந்துவிடும். திட்டம் அரைப் பக்கத்தைத் தாண்டாது.

முதல் வாரத்துக்கு 'யாருக்கு' சரியாக இருக்கும். பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்ல நினைப்பதில் பாதி இந்த உருபில்தான் நிற்கிறது: எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது, எனக்கு வேணும், எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றில் 'நான்' நிற்பதால்தான் 'நான் பசிக்குது' வருகிறது. அடுத்தடுத்த வாரங்களில் 'எங்க', 'எதுல', 'யார்கிட்ட', 'எங்கருந்து' என்று போகலாம். 'யாரை' கடைசிக்குத் தள்ளிவிடலாம். பேச்சில் "தக்காளி வாங்கினேன்" என்றாலே போதும், 'தக்காளியை' தேவைப்படாது. "அம்மாவைக் கூப்பிட்டேன்" என்று ஆளைச் சொல்லும்போதுதான் அது கட்டாயமாகிறது. எப்போது வேணும், எப்போது வேணாம் என்ற குழப்பத்தை முதலிலேயே கொண்டுவந்தால் பிள்ளை தயங்கத் தொடங்கும்.

இனி, 'யாருக்கு' வாரத்து விளையாட்டு. வகுப்பில் நான்கு பேர், வயது 6 முதல் 8, நேரம் 40 நிமிடம். முந்தைய நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தாள் வாட்ஸ்அப்பில் போய்விடும். ஒன்று வாங்குகிறவரின் தாள். அதில் யாருக்கு என்ன வேணும் என்று படமாக இருக்கும்: பாட்டிக்கு இரண்டு வாழைப்பழம், தம்பிக்கு ஒரு மாங்காய், அம்மாவுக்கு ஒரு முழம் மல்லி, எனக்கு மூன்று கொய்யா. இந்தப் பட்டியல் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. இன்னொன்று கடைக்காரரின் தாள். அதில் நான்கு வெற்றுப் பைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு முகம். படங்களுக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் எடுத்த போட்டோக்களே போதும். கார்ட்டூன் மாங்காயைவிட, குவியலாகக் கிடக்கும் நிஜ மாங்காயைப் பார்த்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கேள்வி கேட்கிறார்கள்.

திரையை யாரும் பகிரக் கூடாது. இந்த ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒருவர் தாள் இன்னொருவருக்குத் தெரியாததால் வாய்திறந்து சொன்னால்தான் வேலை நடக்கும். எல்லோருக்கும் ஒரே படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும் வினாடிவினா பார்க்கக் கலகலப்பாக இருக்கும், ஆனால் அதில் ஒற்றைச் சொல் சொன்னாலே ஜெயித்துவிடலாம். வாய்க்கு முன்னால் விரல் பொத்தானை அமுக்கிவிடும். உருபுக்கு அங்கே வேலையே இல்லை.

முதல் சுற்றில் கடைக்காரர் ஆசிரியர்தான். இப்படிப் போகும்:

"என்ன வேணும்?"
"ரெண்டு வாழைப்பழம்."
"யாருக்கு?"
"பாட்டி."
"பாட்டிக்கா, தம்பிக்கா?"
"பாட்டிக்கு."
"சரி, பாட்டி பையில போட்டாச்சு."

நடுவில் நடந்த பிழைதிருத்தத்தைக் கவனியுங்கள். "தப்பு, பாட்டிக்குன்னு சொல்லு" என்று யாரும் சொல்லவில்லை. முதல் கேள்வியில் உருபு வரவில்லை என்றால், இரண்டு விடையையும் உருபோடு முன்னால் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அதிலும் வராவிட்டால்தான் "பாட்டிக்கு" என்று நாமே சொல்லித் திரும்பச் சொல்ல விடுவது. வழக்கமாக ஆசிரியர்கள் செய்வது வேறு: பிள்ளை தவறாகச் சொன்னதைச் சரியாக்கித் தாங்களே ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போவார்கள். நேரில் இது ஓரளவு பலிக்கும். ஜூமில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதாலும், ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் தெளிவாகக் கேட்பதாலும், அந்தத் திருத்தம் பிள்ளையின் காதில் விழுவதே இல்லை. எல்லோரும் சேர்ந்து கோரஸாகச் சொல்வதும் இதே காரணத்தால் இரைச்சலாகிவிடும். பெயர் சொல்லி, முறை வைத்துத்தான் பேச வைக்க வேண்டும்.

"முழு வாக்கியமா சொல்லு" என்றும் கேட்கக் கூடாது. "யாருக்கு?" என்றால் "பாட்டிக்கு" என்பதுதான் எந்தத் தமிழரும் சொல்லும் பதில். முழு வாக்கியம் இரண்டாம் சுற்றில் தானே வரும். அப்போது கடைக்காரர் பிள்ளைகளில் ஒருவர். கடைக்காரர் எதுவும் கேட்க மாட்டார் என்று விதி. யாருக்கு என்று சொல்லாவிட்டால் சரக்கு அவர் இஷ்டப்பட்ட பைக்குள் போய்விடும். பாட்டிக்கு வாங்கிய வாழைப்பழம் தம்பி பையில் விழுவதைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை "பாட்டிக்கு! பாட்டிக்கு ரெண்டு வாழைப்பழம் வேணும்!" என்று தானே கத்தும். கடைசியில் இரண்டு தாளையும் கேமரா முன் காட்டி ஒத்துப்பார்த்தால் தப்பு எங்கே நடந்தது என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு அரை நிமிடம் என்றால், 12 நிமிடச் சுற்றில் 24 முறை. நான்கு பேரில் ஆளுக்கு ஆறு. இரண்டு சுற்றில் பன்னிரண்டு. ஆறு பேரைச் சேர்த்தால் இது எட்டாகக் குறையும், காத்திருக்கும் பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு எழுந்து போவார்கள். அதனால்தான் நான்கோடு நிறுத்துவது. அண்ணன் தங்கை ஒரே திரையில் உட்கார்ந்தால் பெரியவன் சின்னவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவான்; அவனையே கடைக்காரனாக்கிவிட்டால் அவன் காதுகொடுத்துக் கேட்க வேண்டியவனாகிறான், அவள் சொல்ல வேண்டியவளாகிறாள்.

பிள்ளை "நானுக்கு", "வீடுக்கு" என்று சொன்னால் பெற்றோர் பதறுவார்கள். எங்களுக்கு அது நல்ல செய்தி. உருபு உள்ளே போய்விட்டது, இனி 'எனக்கு', 'வீட்டுக்கு' என்ற வடிவம் காதில் விழ விழத் தானே சீராகும் என்பதற்கு அடையாளம். "ஸ்கூலுக்கு", "ஃப்ரெண்டுக்கு" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் இருக்கும் பிள்ளையும் அப்படித்தான் பேசுகிறது. உருபு தமிழாக இருக்கும் வரை ஆங்கிலப் பெயர்ச்சொல்லைத் துரத்திப் பிடிப்பது வீண் வேலை.

வீட்டுப் பேச்சையும் திருத்துவதில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் 'அம்மம்மாவுக்கு' என்பார்கள், மேலூர்ப் பக்கத்து வீட்டில் 'அம்மாச்சிக்கு' என்பார்கள். கடைக்காரர் தாளில் பெயர் எழுதாமல் முகம் மட்டும் வரைவது இதற்காகத்தான். நாங்கள் எங்களை அறியாமல் 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்றுவிடுவோம். பிள்ளைகள் அதை மகிழ்ச்சியாகப் பிடித்துக்கொள்வார்கள். மதுரைக் குடும்பம் என்றால் அம்மாச்சியே பூரித்துப்போவார். மற்ற குடும்பங்களிடம் இது எங்கள் ஊர்ப் பேச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பது மரியாதை.

பெற்றோருக்கு அனுப்பும் செய்தியில்தான் பல வகுப்புகள் சறுக்குகின்றன. பாடத்தின் நோக்கம், நடத்திய பகுதி, வீட்டுப்பாடம் என்று நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பெற்றோர் பலர் இருப்பதால், எழுத்தோடு 20 நொடி குரல்செய்தியும் வேண்டும். எழுத்தில் இவ்வளவு போதும்:

"இந்த வாரக் கேள்வி: யாருக்கு? இன்னைக்கு உங்க மக தானாவே 'பாட்டிக்கு ரெண்டு வாழைப்பழம் வேணும்'னு சொன்னா. சாப்பாடு பரிமாறும்போது தட்டைக் கையில வச்சுக்கிட்டு 'இது யாருக்கு?'ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் அஞ்சு நொடி பொறுங்க. 'தமிழ்ல சொல்லு'ன்னு மட்டும் சொல்ல வேணாம்."

கடைசி வரி ஒவ்வொரு வாரமும் போகும். "தமிழ்ல சொல்லு" என்ற மறுநொடி அது பரீட்சையாகிவிடுகிறது, பிள்ளை மூடிக்கொள்கிறது. "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்பதும் பெயர்ச்சொல்லைத்தான் வாங்கித்தரும். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் "அம்மாவுக்கா, அப்பாவுக்கா?" என்று கேட்கச் சொல்கிறோம், வகுப்பில் செய்வதையேதான். ஊரில் இருக்கும் பாட்டிமாருக்கும் இதே செய்தியை அனுப்பச் சொல்வோம். வீடியோ காலில் "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்று முடிந்துவிடும். "இன்னைக்கு யாருக்குச் சோறு ஊட்டுன?" என்றால் "பொம்மைக்கு" என்று ஒரு சொல்லாவது வரும், பிறகு பேச்சு ஓடும்.

நேரக் குழப்பத்தையும் இந்தச் செய்தியிலேயே தீர்த்துவிட வேண்டும். நியூஜெர்சியில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் மதுரையில் இரவு 7.30. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றியதும் அதே 9 மணி நமக்கு 6.30 ஆகிவிடும். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறில்தான் மாற்றுகிறது. இடைப்பட்ட அந்த வாரங்களில், வழக்கமாக மதியம் 2 மணிக்கு வரும் லண்டன் பிள்ளை 1 மணிக்கே வர வேண்டும். ஒரு வாரம் முன்பே ஊர்வாரியாக நேரம் எழுதி அனுப்பாவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். நம் பக்கம் கவலை மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை; மடிக்கணினியோடு மோடத்தையும் இன்வெர்ட்டரில் இணைத்துவைத்தால் போதும்.

அடுத்த கேள்விக்குப் போகலாமா என்பதை எப்படி முடிவுசெய்வது? நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி வைத்து, உருபு கேட்காமலே வந்தால் ஒரு கோடு, கேள்வி கேட்டபின் வந்தால் ஒரு வட்டம், திரும்பச் சொல்லவைத்தால் ஒரு புள்ளி போடுவோம். இரண்டாம் சுற்றில் வரும் ஆறு முறையில் நான்கு கோடு இருந்தால் அந்தப் பிள்ளை தயார். எல்லாம் வட்டமாக இருந்தால் அடுத்த வாரமும் 'யாருக்கு'தான், ஆனால் கடை வேண்டாம். பிறந்தநாள் பரிசு பிரிக்கும் ஆட்டமாக மாற்றினால் பிள்ளைக்கு அது புது விளையாட்டு. புள்ளிகளே நிறைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் உருபு இல்லை, தாளில் இருக்கும் பொருள்களின் பெயர் தெரியவில்லை என்பதுதான். கொய்யாவையும் மல்லியையும் எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பொருள்களைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் கேட்டு, அவற்றை வைத்தே புதுத் தாள் செய்துவிடுகிறோம்.