நிறைந்த வயிற்றோடு வரும் பட்டினி

கோஸ்டாரிக்காவின் கரீபியக் கரையோரத்தில் உள்ள ஒரு வனவிலங்கு மீட்பு மையத்தில் பணியாற்றிய காலத்தில், மரக்கிளைகளில் தொங்கியபடி இலை தின்று வாழும், மெல்ல நகரும் பாலூட்டிகளான மூன்றுவிரல் ஸ்லாத்களின் எடையை நம்பக் கூடாது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொண்டேன். அவற்றின் பல அறைகள் கொண்ட இரைப்பையில் ஊறிக்கொண்டிருக்கும் இலைகளே உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கக்கூடும். மலம் கழிப்பதோ வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. ஆகவே எடை ஏறினால் விலங்கு தேறிவருகிறது என்று பொருளில்லை. உள்ளே சரக்கு தேங்கியிருக்கிறது என்பதாகவும் இருக்கலாம்.

தொடர் மழைக் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் ஸ்லாத்தின் நிலை இதைத் தெளிவாகக் காட்டியது. வயிறு புடைத்திருந்தது; ஆனால் முதுகெலும்பின் இருபுறமும் தசை வற்றி, எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. இலைகளிலுள்ள நார்ப்பொருளை ஸ்லாத் தானாகச் செரிப்பதில்லை. இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகளே அதை நொதிக்கவைத்து, உடல் உறிஞ்சத்தக்க கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. தின்ற இலை முழுவதும் வெளியேறப் பல நாட்கள், சில வேளைகளில் வாரக்கணக்கில்கூட ஆகும். அந்த நுண்ணுயிரிகளுக்கு வெப்பம் வேண்டும். மற்ற பாலூட்டிகளைப் போல உடல் வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தி வைக்க ஸ்லாத் முயல்வதில்லை. மழையும் குளிரும் நீடித்து, வெயில் காய வழியில்லாமல் போனால், உடலோடு இரைப்பையும் குளிர்கிறது. நொதித்தல் தளர்ந்து, நிறைந்த வயிற்றோடு பட்டினி தொடங்கிவிடுகிறது.

குளிரை எதிர்த்து உடலைச் சூடாக்கிக்கொள்ளக் கூடாதா என்று பயிற்சிக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்பார்கள். அதற்கான வருமானம் இலையில் இல்லை. கோஸ்டாரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, காட்டில் வாழும் மூன்றுவிரல் ஸ்லாத் மிகக் குறைந்த ஆற்றலையே செலவிடுவதாக அளந்தது. நான்கு கிலோ விலங்கின் ஒரு நாள் செலவு ஏறத்தாழ 110 கிலோகலோரி, அதாவது ஒரு சிறு கிண்ணம் சோறு தரும் ஆற்றல். உடலைச் சூடாக வைத்திருக்க எரிக்க வேண்டியதை எரிக்காமல் விடுவதும் இந்தச் சிக்கனத்தின் ஒரு பகுதியே. மெல்ல நகர்வதை மட்டும் காரணமாகச் சொல்வது எனக்குப் போதுமானதாகத் தோன்றுவதில்லை.

எனவே அந்த ஸ்லாத்துக்கு நாங்கள் முதலில் இலை கொடுக்கவில்லை. செயல்படாத இரைப்பையில் மேலும் இலையை ஏற்றினால் வாயு சேர்ந்து உப்புசம் கூடும். துணி சுற்றிய வெந்நீர்ப் பைகளை அணைத்து மெதுவாக வெப்பமூட்டி, இளஞ்சூடான நீர்மத்தைச் சிறிது சிறிதாகப் புகட்டினோம். அளவுக்கு மீறிய சூடும் ஆகாது; சூழல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும்போது இவ்விலங்கு வளர்சிதை மாற்றத்தை மேலும் குறைத்துக்கொள்கிறது. வயிற்றின் இறுக்கம் தளர்ந்த பிறகே செக்ரோப்பியா மரத்தின் இளந்தளிர்களை வைத்தோம். மலம் கழித்த அன்று எடை சட்டென்று இறங்கியது. பதிவேட்டில் அதை நல்ல செய்தியாகவே குறித்தோம்.