பஸ் விழவில்லை: ஐஇஎல்டிஎஸ் வரைபடக் கேள்வியில் நான் திருத்திக்கொண்டவை

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலான என்எம்சிக்கு, அகாடமிக் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் காட்டலாம். கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும், எழுத்தில் 6.5. முதல் முறை எழுதியபோது மற்ற மூன்றும் கிடைத்துவிட்டன. எழுத்தில் 6 வந்தது. அரை மதிப்பெண் குறைந்ததால் வேலை நின்றுபோனது.

எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். இரண்டு கேள்விகள். முதலாவது ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, குறைந்தது 150 சொற்களில் விவரிக்கச் சொல்லும். இரண்டாவது 250 சொல் கட்டுரை, மதிப்பெண்ணில் அதற்கு இரண்டு பங்கு எடை. முதலாவதுக்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். எதில் எவ்வளவு போனது என்று மதிப்பெண் தாளில் பிரித்துக் காட்டுவதில்லை, எழுத்துக்கு மொத்தமாக ஒரே எண்தான். ஆனால் முதல் கேள்வியிலேயே அரை மணி நேரம் போய், கட்டுரையை அவசரமாக முடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்கினேன்.

எங்கள் வார்டில் என்னைவிட மூத்த அக்கா ஒருவர் இந்தத் தேர்வை ஏற்கெனவே தாண்டியவர். பயிற்சிக்காக நான் எழுதியதை அவரிடம் காட்டினேன். அந்தப் பயிற்சிக் கேள்வியை இங்கேயும் வைத்துக்கொள்கிறேன். எண்களெல்லாம் கற்பனைதான், பழகுவதற்காகப் போட்டவை. ஒரு ஊரில் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை சதவீதம் பேர் எதில் போகிறார்கள் என்று மூன்று கோடுகள். 1990, 2000, 2010, 2020 என்று நான்கு ஆண்டுகள். பஸ் 60, 45, 35, 30. கார் 20, 35, 45, 45. சைக்கிள் 15, 10, 10, 20.

நான் பன்னிரண்டு எண்களையும் வரிசையாக எழுதியிருந்தேன். முதலில் பஸ், பிறகு கார், பிறகு சைக்கிள், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆண்டுகள். ஒரு எண்கூட விடுபடவில்லை என்பதில் எனக்குத் திருப்தி. அக்கா பாதி படித்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, டியூட்டி மாத்தும்போது சார்ட்டுல இருக்கிற எல்லா டெம்பரேச்சரையும் படிச்சா ஒப்படைப்பே?”

மாட்டேன். “ராத்திரி 2 மணிக்கு 103 போச்சு, காலையில இறங்கிடுச்சு, இப்ப நார்மல்” என்று சொல்வேன். காய்ச்சல் எப்படிப் போனது என்பது அந்த ஒரு வரியில் அடுத்த நர்ஸுக்குப் புரிந்துவிடும். எண் வேண்டுமென்றால் சார்ட்டைப் பார்த்துக்கொள்வார். தேர்வுக் கேள்வியும் அதையேதான் கேட்கிறது: முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடு, பொருத்தமான இடத்தில் ஒப்பிடு. எல்லா எண்ணையும் சொல் என்று அதில் எங்குமே இல்லை. பொதுவான போக்கைச் சொல்லும் தெளிவான ஓவர்வியூ இல்லாமல் விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்கினால், கேட்டதைச் செய்தோமா என்று பார்க்கும் பகுதியில் 5க்கு மேல் போவது கடினம். ஐஇஎல்டிஎஸ் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்திலேயே இது இருக்கிறது. முதல் முறை அதை நான் படிக்காமலே தேர்வுக்குப் போயிருந்தேன்.

ஓவர்வியூவில் எண்ணே எழுதக் கூடாது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கண்ணைச் சற்றுச் சுருக்கி, எண்களை மறந்து, கோடுகளை மட்டும் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் தெரிவது இவ்வளவுதான்: பஸ்ஸில் போவோர் பாதியாகக் குறைந்தார்கள், காரில் போவோர் இரண்டு மடங்குக்கும் மேலானார்கள், முதலிடம் கை மாறியது, சைக்கிள் கடைசியில் கொஞ்சம் ஏறினாலும் முழுக்க மூன்றாம் இடத்திலேயே இருந்தது. இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். ‘ஓவரால்’ என்று தொடங்கி, அறிமுக வரிக்கு அடுத்தபடியாகவே இதை எழுதிவிடுவேன். கடைசியில் எழுதலாம் என்று விட்டால், நேரம் போதாமல் அதுதான் விடுபடும்.

அடுத்தது மொழி. என் தாளில் ‘த பஸ் டிக்ரீஸ்ட்’ என்று இருந்தது. “குறைஞ்சது பஸ்ஸா, பஸ்ல போறவங்களா?” என்றார் அக்கா. வேறோர் இடத்தில் ‘த பஸ் ஃபெல்’ என்று எழுதியிருந்தேன். படிக்கிறவருக்குப் பஸ் எங்கோ விழுந்துவிட்டதாகத்தான் தோன்றும். படத்தில் கூடுவதும் குறைவதும் ஓர் அளவு. அந்த அளவுதான் எழுவாயாக வர வேண்டும்: பஸ்ஸில் பயணிப்போரின் சதவீதம் குறைந்தது, ‘த பர்சன்டேஜ் ஆஃப் கம்யூட்டர்ஸ் யூசிங் பஸஸ் ஃபெல்’. நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால், அடுத்த வாக்கியங்களில் ‘திஸ் ஃபிகர்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். எழுவாயைச் சரிசெய்ததும் என் பிழைகளில் பாதி தானாகவே போய்விட்டன.

ஒப்பிடும்போதும் இதே சிக்கல் வரும். ‘காரை விடப் பஸ் அதிகம்’ என்று தமிழில் சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் கொண்டுபோனபோது, பஸ் பயணிகளின் சதவீதத்தை ஒரு காரோடு ஒப்பிட்டிருந்தேன். சதவீதத்தைச் சதவீதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ‘விட’ என்று பொருள் தரும் ‘தேன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறகு ‘தட் ஆஃப் கார் யூசர்ஸ்’ என்று வர வேண்டும்.

அப்புறம் ‘டு’, ‘பை’. இரண்டு எழுத்துச் சொற்கள்தான், ஆனால் தகவலையே மாற்றிவிடும். பஸ் 60இலிருந்து 30 ஆகக் குறைந்தது என்றால் ‘டு’. 2000இலிருந்து 2010க்குள் 10 குறைந்தது என்றால் ‘பை’. அங்கே ‘டு 10’ என்று எழுதினால், பஸ்ஸில் போகிறவர்கள் ஊரில் பத்தில் ஒருவர்தான் என்று ஆகிவிடும். தமிழில் ‘ஆக’ வருகிற இடத்தில் ‘டு’, அது வராத இடத்தில் ‘பை’ என்று வைத்துக்கொண்டேன். எழுதும்போது மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். பெயர்ச்சொல்லாக எழுதினால் இது கொஞ்சம் மாறும்: குறைந்த அளவைச் சொல்ல ‘அ ஃபால் ஆஃப்’, எதில் குறைந்தது என்று சொல்ல ‘அ ஃபால் இன்’.

இங்கேதான் எனக்கு அதிக நேரம் பிடித்த விஷயம் வருகிறது. பஸ் 60 சதவீதத்திலிருந்து 30 சதவீதமானது. எவ்வளவு குறைந்தது? ‘30 பர்சன்ட்’ என்று எழுதியிருந்தேன். 60இல் 30 சதவீதம் என்பது 18. அப்படிக் குறைந்திருந்தால் 42இல் நின்றிருக்கும். உண்மையில் பாதி போயிருக்கிறது, அதாவது 50 சதவீதக் குறைவு. இரண்டு சதவீதங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைச் சொல்ல வேண்டுமென்றால் ‘30 பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்’ என்று எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் ‘ஃப்ரம் 60 டு 30’ என்று இரண்டு முனையையும் கொடுத்துவிடுவேன், அல்லது ‘ஹாவ்ட்’ என்று பாதியானதைச் சொல்லிவிடுவேன். இரண்டிலும் தவறு நேர வழியில்லை. மடங்கிலும் இதே கவனம் வேண்டும். 1990இல் பஸ் காரைப் போல மூன்று மடங்கு. அதை ‘த்ரீ டைம்ஸ் மோர்’ என்றால் சிலர் நான்கு மடங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். ‘த்ரீ டைம்ஸ் அஸ் ஹை அஸ்’ என்றால் ஒரே பொருள்தான்.

ஏற்ற இறக்கச் சொற்களின் பட்டியல் ஒன்றை முன்பு மனப்பாடம் செய்திருந்தேன். எங்கு பார்த்தாலும் ‘டிராஸ்டிக்கலி’, ‘ஸ்கைராக்கெட்டட்’ என்று போட்டிருந்தேன். அக்கா சொன்னபடி அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். ‘ஸ்லைட்லி’, ‘கன்சிடரப்லி’ போன்றவை எவ்வளவு மாறியது என்று சொல்பவை. ‘கிராஜுவலி’, ‘ராப்பிட்லி’ போன்றவை எவ்வளவு வேகமாக மாறியது என்று சொல்பவை. பஸ் குறைந்தது பெரிய அளவில், ஆனால் முப்பது ஆண்டுகளாக மெதுவாக. அதற்கு இரண்டு வகைச் சொல்லும் பொருந்தும். முன்பு ‘கிராஜுவல்’ என்றாலே சிறிய மாற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

‘பீக்’ என்ற சொல்லும் அப்படித்தான். சார்ட்டில் காய்ச்சல் உச்சத்துக்குப் போனது என்று எப்போது சொல்வோம்? இறங்கிய பிறகுதான். கார் 2010இல் 45க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது, இறங்கவில்லை. அங்கே ‘லெவல்ட் ஆஃப்’ தான் சரி. சைக்கிளுக்கு ‘ஃப்ளக்சுவேட்டட்’ என்று எழுதியிருந்ததையும் அக்கா அடித்துவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பலமுறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். சைக்கிள் ஒருமுறை இறங்கி, பத்தாண்டுகள் அசையாமல் இருந்து, பிறகு 10இலிருந்து 20க்கு இரட்டிப்பானது.

இதையெல்லாம் வைத்து அந்தப் பதிலைத் திரும்ப எழுதினேன். பஸ்ஸையும் காரையும் தனித்தனிப் பத்தியில் வைக்காமல் ஒன்றாகச் சேர்த்தேன். படத்தின் கதையே அவை இரண்டும் இடம் மாறியதுதான். சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. 2000இல் பஸ் காரை விட 10 பாயின்ட் மேலே. 2010இல் கார் பஸ்ஸை விட அதே 10 பாயின்ட் மேலே. நடுவில் எங்கோ கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. பத்தாண்டுகளில் இடைவெளி அப்படியே தலைகீழானது என்று ஒரே வாக்கியத்தில் எழுத, நான்கு எண்கள் அதில் அடங்கிவிட்டன. சைக்கிளுக்கு இரண்டு வாக்கியம் போதும். சம்பளம் கூடியதால் கார் வாங்கினார்கள் என்று முதலில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். நர்ஸிங் நோட்ஸில் பார்த்ததைத்தான் எழுதுவோம். படத்தில் சம்பளம் இல்லை. மொத்தம் 170 சொற்கள்கூட வரவில்லை.

ஆறு வாரங்கள், நைட் டியூட்டி இல்லாத நாட்களில் தினம் ஒரு படம் எழுதினேன். மூன்று நிமிடம் பார்ப்பது, பதினான்கு நிமிடம் எழுதுவது, மூன்று நிமிடம் சரிபார்ப்பது. சரிபார்க்கும்போது மூன்றை மட்டும் பார்ப்பேன்: எழுவாய், ‘டு’வும் ‘பை’யும், காலம். கடந்துபோன ஆண்டுகள் என்றால் எல்லா வினையும் இறந்தகாலத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் முறை தேர்வில் கோடுகள் வரவில்லை, ஓர் அட்டவணை வந்தது. நெஞ்சு ஒரு கணம் படபடத்தது. பெரிய எண், சிறிய எண், அதிகம் மாறியது, மாறாதது என்று நான்கை மட்டும் தேடினேன், ஓவர்வியூ கிடைத்துவிட்டது. திரையில் பதினேழாவது நிமிடத்தில் சரிபார்க்கத் தொடங்கியபோது, ஓர் இடத்தில் ‘டு’ வர வேண்டிய இடத்தில் ‘பை’ இருந்தது. மாற்றிவிட்டுக் கட்டுரைக்குப் போனேன், முழு 40 நிமிடமும் மிச்சமிருந்தது. எழுத்தில் 7 வந்தது. அன்று சாயங்காலம் டியூட்டி மாறும்போது அக்காவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன், அப்புறம்தான் நோயாளிகளைப் பற்றி.