முதலில் எங்கே பார்த்தீங்க?

மார்த்தாண்டத்தில் தேனும் நேந்திரங்காய் சிப்ஸும் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான்கு வருடமாக ஆர்டர் பார்க்கிறேன். தேன், ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுப்பது. கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை உண்டு, அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளியின் மனைவி, நாங்கள் மைனி என்று கூப்பிடுகிறவர், அதைப் பார்த்துக்கொள்கிறார். மற்ற வியாபாரமெல்லாம் பார்சல்தான்.

போன நவம்பரில் அந்தக் கடையை மூடிவிடலாம் என்று அண்ணன் முடிவுக்கு வந்துவிட்டார். "வாடகையே கட்டுபடி ஆவல மக்களே. அந்தக் காச இன்ஸ்டாகிராம் விளம்பரத்துல போட்டா ஆளு வரும். திரும்பத் திரும்ப வாங்குறவங்க எல்லாம் வாட்ஸ்அப்புலதானே வாராங்க?" என்றார். அவர் சொன்னதற்கு ஆதாரம் நான் தயாரித்துக் கொடுத்த மாத அறிக்கைதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் பக்கத்தில் அது வந்த வழியை எழுதுவேன்: கடை, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், மற்றவர் சொல்லி வந்தது. மறு ஆர்டர்களில் பெரும்பகுதி வாட்ஸ்அப் என்று இருந்தது.

அன்று ராத்திரி யோசித்தபோது ஒன்று உறுத்தியது. எங்கள் வாட்ஸ்அப் எண் தானாக யாருக்கும் கிடைக்காது. யாரோ கொடுத்திருக்க வேண்டும், அல்லது பாட்டில் லேபிளில் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவை எங்கே வாங்கியிருந்தாலும் இரண்டாவது தடவை எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் கேட்பார்கள். ஆர்டர் வந்த வழியை ஆள் வந்த வழி என்று நான் இவ்வளவு நாளும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று 2023 ஜனவரி முதலான எல்லா ஆர்டரையும் ஒரே ஷீட்டில் கொண்டுவந்தேன். கடையின் பழைய பில் புத்தகங்களில் பார்சலுக்காக எழுதி வைத்த போன் எண்களையும் சேர்த்தேன். அதற்கே மூன்று வாரம் ஆனது. A-யில் தேதி, B-யில் போன் எண், C-யில் வந்த வழி. தேதி வரிசைப்படி அடுக்கிவிட்டு இந்த நான்கைப் போட்டேன்:

```
D2: =RIGHT(SUBSTITUTE(B2," ",""),10)
E2: =MINIFS(A:A,D:D,D2)
F2: =XLOOKUP(D2,D:D,C:C)
G2: =COUNTIFS(D:D,D2,A:A,">"&E2,A:A,"<="&E2+180)
```

D போன் எண்ணைச் சுத்தம் செய்கிறது. முதலில் SUBSTITUTE இல்லாமல் போட்டுவிட்டேன். எண்ணின் நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருந்தால் அதுவும் ஒரு எழுத்தாகக் கணக்காகி முதல் இலக்கம் வெட்டுப்பட்டது. ஒரே ஆள் இரண்டு புது ஆளானார். E அவர் முதன்முதலில் வாங்கிய நாள், F அன்றைக்கு வந்த வழி. தேதி வரிசை கலைந்தால் F தப்பாகிவிடும், ஏனென்றால் அது மேலேயிருந்து தேடி முதலில் கிடைப்பதை எடுக்கிறது. G முதல் நாளிலிருந்து 180 நாளுக்குள் எத்தனை முறை திரும்ப வாங்கினார் என்று சொல்கிறது. A-யும் E-யும் ஒன்றாக இருக்கும் வரிகளை மட்டும் எடுத்து, முதல் நாளிலேயே இரண்டு ஆர்டர் போட்டவருக்கு ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு வரி கிடைக்கும்.

180 நாள் ஏன் என்று அண்ணன் கேட்டார். அரைக்கிலோ தேன் ஒரு வீட்டில் தீர இரண்டு மூன்று மாதம் ஆகிறது. 90 நாள் என்று வைத்தால் பாட்டில் காலியாகும் முன்பே அவரைத் திரும்பி வராதவர் என்று எழுதிவிடுவோம்.

வாட்ஸ்அப் கணக்கில் இருந்த, இரண்டு முறைக்கு மேல் வாங்கிய 412 பேரைப் பிரித்தேன். 188 பேர் முதலில் கன்னியாகுமரி கடையில் வாங்கியவர்கள். 121 பேர் சொந்தக்காரரோ கூட வேலை பார்ப்பவரோ சொல்லி வந்தவர்கள். இன்ஸ்டாகிராம் பார்த்து வந்தவர்கள் 70. மீதி 33 பேர் எப்படி வந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அவர்களை எந்தப் பக்கமும் சேர்க்காமல் 'தெரியாது' என்றே விட்டேன்.

இதோடு நின்றிருந்தால் 'கடை நல்லது, விளம்பரம் வீண்' என்று எழுதியிருப்பேன். அதுவும் சரியில்லை என்பது மாதம் மாதமாகப் பிரித்தபோதுதான் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் வழியாக 164 புது ஆட்கள் வந்தார்கள், 180 நாளுக்குள் திரும்பியவர்கள் 11 பேர். ஓணத்துக்குச் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் வாங்கிவிட்டுப் போனவர்கள். 2024 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, புதுத் தேன் இறங்கும் காலத்தில், அதே இன்ஸ்டாகிராமில் 138 பேர் வந்தார்கள், 29 பேர் திரும்பினார்கள். நூற்றுக்கு ஏழும் நூற்றுக்கு இருபத்தொன்றும் ஒரே வழியில் வந்தவை.

வருடத்துக்கு வருடம் ஒப்பிடும்போது மாதத்தின் பெயரை நம்பக்கூடாது. 2023-இல் திருவோணம் ஆகஸ்ட் 29, 2024-இல் செப்டம்பர் 15. இரண்டு ஆகஸ்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விளம்பரம் திடீரென்று நல்ல ஆட்களைக் கொண்டுவருவதுபோலத் தெரிந்தது. ஆனால் ஓணக் கூட்டம் அந்த வருடம் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

கடையிலும் இதே கதை. 2023 டிசம்பரில், ஐயப்ப பக்தர்கள் வரும் சீசனில், எண் கொடுத்த 74 பேரில் 9 பேர்தான் திரும்பினார்கள். பலர் ஆந்திரா, கர்நாடகா பக்கம், பார்சல் செலவே தேன் விலைக்குப் பக்கத்தில் வரும். 2024 மேயில் குடும்பமாகச் சுற்றுலா வந்தவர்களில் 58 பேர் எண் கொடுத்தார்கள், 22 பேர் திரும்பினார்கள். மழையடித்த ஜூனில் 9 பேரில் 4 பேர். அதைச் சதவீதமாக எழுதவில்லை, ஒரே ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் பதினொன்று நகரும்.

முதல் அட்டவணையைப் பார்த்து அண்ணன் பயந்துவிட்டார். "ஜூனுக்கப்புறம் எல்லாமே குறையுதே!" குறையவில்லை, அந்த மாதத்து ஆட்களுக்கு இன்னும் 180 நாள் ஆகவில்லை. அதனால் காலம் முடியாத கட்டங்களைக் காலியாக விட்டேன், பூஜ்யம் போடவில்லை. செப்டம்பர் ஓணக் கூட்டத்தின் கணக்கு இந்த ஏப்ரலில்தான் முழுசாக வந்தது: 190 பேரில் 14 பேர்.

கடை மூடப்படவில்லை. ஓண விளம்பரமும் நிற்கவில்லை, ஆனால் அந்த ஆட்கள் மறுபடி வருவார்கள் என்று எண்ணாமல் முதல் ஆர்டரிலேயே விளம்பரச் செலவு கழிந்து லாபம் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம்.

என் கணக்கில் இருந்த ஓட்டையை மைனிதான் காட்டினார். "நம்பர் குடுக்குறவங்க, வீட்டுக்கு அனுப்பித் தருவீங்களான்னு அவங்களே கேக்குறவங்க மக்களே. சும்மா வாங்கிட்டுப் போறவங்கள நீ எங்க எண்ணுன?" உண்மைதான். கடை வழியாக வந்தவர்கள் விசுவாசமாகத் தெரிந்ததில் ஒரு பங்கு, திரும்ப வாங்க நினைத்தவர்கள் மட்டுமே என் ஷீட்டுக்குள் வந்ததால் வந்தது. இன்ஸ்டாகிராமில் வாங்குகிற எல்லோரும் எண் கொடுத்தே ஆக வேண்டும், இரண்டும் சமமான ஒப்பீடு அல்ல. இந்த மேயில் ஐந்து நாள் கடையில் உட்கார்ந்து எண்ணினேன். 240 பில், 31 எண்.

அப்புறம் ஜூன் முதல் தேதியிலிருந்து பில் போடும் எல்லோரிடமும் மைனி எண் கேட்கிறார். நான் புது எண்ணிலிருந்து மெசேஜ் வந்தால் விலை சொல்லும் முன்பு, "முதலில் எங்களை எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு அந்தப் பதிலைத் தனிக் கட்டத்தில் எழுதிப் பூட்டிவிடுகிறேன். ஜூனில் வந்தவர்களின் கணக்கு டிசம்பர் கடைசியில் முடியும்.