ஒரே ஆள் நான்கு முறை: ஒரு சதுரங்க மேசைப் படத்தின் நாட்குறிப்பு

2024 மார்ச் 9, சனி

எடுக்க வேண்டியது ஒரே படம். ஓர் அறை, இடப்பக்கம் ஜன்னல், நடுவில் சதுரங்கப் பலகை வைத்த மேசை. அதில் ஒரே ஆள் நான்கு இடங்களில் இருக்க வேண்டும். பின்னால் சோபாவில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார். மேசையின் இருபுறமும் இரண்டு பேர் ஆடுகிறார்கள். வலப்பக்க நாற்காலியின் முதுகில் கைவைத்தபடி, சுவரோரமாக நின்று ஒருவர் ஆட்டத்தைப் பார்க்கிறார். இவர்களைச் சோபாக்காரர், இடவர், வலவர், நிற்பவர் என்று குறித்துக்கொள்வோம்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் தொடாமல் தள்ளித் தள்ளி இருந்தால் இந்த வேலை மிக எளிது. கேமராவை அசைக்காமல் நான்கு ஷாட், பிறகு கணினியில் நான்கு துண்டுகள், அவ்வளவுதான். ஆனால் அப்படிப்பட்ட படத்தில் நான்கு பேருக்கும் ஒருவருக்கொருவர் உறவே இருக்காது. பார்ப்பவர் நம்புவது ஒருவர் இன்னொருவரை மறைக்கும் இடத்தில்தான். சிக்கல் வருவதும் அங்கேதான். அதனால் இந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி வலவரும் நிற்பவரும் சேரும் அந்த ஒரு முழ இடத்தைப் பற்றியே இருக்கும்.

இன்று முடிவானவை: முழு ஃபிரேம் கேமரா, 24 மிமீ லென்ஸ், f/8. ஃபோகஸ் இரண்டரை மீட்டரில் நிற்கிறது. இந்த அளவுகளில் சுமார் 1.25 மீட்டரிலிருந்து பின்சுவர் வரை எல்லாமே தெளிவாக விழும். இது முக்கியம். ஆளுக்கு ஆள் ஃபோகஸை மாற்றினால், பல லென்ஸ்களில் காட்சியின் அளவே கொஞ்சம் சுருங்கி விரியும். அப்புறம் பின்னணிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

சோதனை ஷாட்கள். 24 மிமீ லென்ஸ் ஓரத்தில் இருப்பவரை அகலமாக இழுக்கும். ஒருவரை மட்டும் எடுக்கும்போது அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அதே முகம் நடுவிலும் இருக்கிறதே, கண் தானாக ஒப்பிட்டுப் பார்த்துவிடும். சோபாக்காரரின் தலை முதலில் இட ஓரத்தில் இருந்தது. நடுவில் உள்ள முகத்தைவிட நன்றாகவே பெருத்துத் தெரிந்தது. கேமராவை இன்னும் பின்னுக்குத் தள்ளி, எல்லா முகங்களும் ஃபிரேமின் நடு மூன்றில் இரண்டு பங்குக்குள் வரும்படி செய்தாயிற்று. ஓரங்களைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கேமராவில் தானாக மாறக்கூடிய எதுவும் இயங்கக் கூடாது. ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ 800, ஒயிட் பேலன்ஸ் 5600 கெல்வின், எல்லாம் கையால் பூட்டியவை. ஆட்டோ ஐஎஸ்ஓ மறதியாக இயங்கிக்கொண்டிருந்தால், கறுப்புச் சட்டைக்காரர் ஜன்னலருகே வந்தவுடன் சுவரின் வெளிச்சம் மாறிவிடும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பும் அணைந்திருக்க வேண்டும். முக்காலியில் நிற்கும்போதுகூட அது சில பிக்சல்கள் காட்சியை நகர்த்தக்கூடும். கோப்புகள் ராவாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவில்.

முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தவில்லை. அதை உயர்த்தினால் அசைவு கூடும். கேமராவின் தோள்வாரையும் கழற்றிவிட வேண்டும், அது ஊசலாடும். மரப்பலகைத் தரையாக இருந்தால், ஆள் நடந்துபோகும் இடத்தைப் பொறுத்து தரையே முக்காலியைச் சாய்க்கும். அப்படிப்பட்ட அறையில் ஆள் தன் இடத்தில் அமர்ந்த பிறகு ஐந்து விநாடி பொறுத்து எடுப்பது நல்லது.

ஷட்டரை யார் அழுத்துவது? தனியாக எடுப்பவருக்குக் கேமராவிலுள்ள இன்டர்வல் டைமர்தான் சரி. 5 விநாடிக்கு ஒரு படம் என்று ஓடவிட்டு, நான்கு இடங்களுக்கும் நடந்துபோய் உட்கார்ந்து வந்தால், 5 நிமிடத்தில் 60 படங்கள் கிடைக்கும். கேமராவை ஒருமுறைகூடத் தொட வேண்டியதில்லை. பத்து விநாடி செல்ஃப் டைமரில் ஒவ்வொரு முறையும் பொத்தானைத் தொட்டாக வேண்டும்; ஒவ்வொரு தொடுதலும் சட்டகத்தைக் கொஞ்சம் நகர்த்தும்.

மார்ச் 12, செவ்வாய்

முதல் முழு ஷூட், பயன்படாது. காரணம் மேகம். வெறும் அறையை முதலில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் எடுத்திருந்ததால் அது உடனே தெரிந்தது. இந்தக் காலி ஷாட்டை எப்போதும் இரண்டு முறை எடுங்கள். முதலாவது படத்துக்கு அடித்தளம். இரண்டாவது, இடையில் என்ன மாறியது என்று சொல்லும் சாட்சி.

இரண்டிலும் பின்சுவரில் ஒரே புள்ளியின் வெளிச்சத்தை 0 முதல் 255 வரையிலான அளவில் அளந்தால், முதலாவதில் 142, கடைசியில் 131. ஏறக்குறைய கால் ஸ்டாப் இருட்டு. இதை மட்டும் ராவில் எக்ஸ்போஷரை +0.25 ஏற்றிச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது நிழல். வெயில் நேராக விழுந்தபோது இடவரின் நிழல் மேசையில் கூர்மையாக இருந்தது. மேகம் மூடிய பிறகு எடுத்த வலவருக்கு நிழலே கரைந்துபோயிருந்தது. ஒரே மேசையில் இரண்டு வானிலை. எந்த ஸ்லைடரும் அதை மறைக்காது.

ஆகவே நேர் வெயில் விழாத ஜன்னலும், முழுக்க மூடிய வானமும், குறைந்த நேரமும் வேண்டும். உடை சரிசெய்வது, பலகை அடுக்குவது எல்லாம் டைமர் ஓடத் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

இன்று ஷூட் இல்லை, திட்டம் மட்டும்.

முதலில் முடி. வலவர் முன்னால், நிற்பவர் பின்னால். வலவரின் ஷாட்டில் அவர் தலைக்குப் பின்னால் வெளிர்நிறச் சுவர் இருக்கும். அந்த முடியைக் கத்தரித்து நிற்பவரின் கறுப்புச் சட்டைமேல் வைத்தால், இழைகளுக்கிடையே தங்கிய சுவரின் நிறம் வெள்ளை விளிம்பாகத் தெரியும். இதைக் கணினியில் மணிக்கணக்கில் துடைக்கலாம், முழுதாகப் போகாது. நிற்பவர் வலப்பக்கம் அரை அடி நகர்ந்தால் போதும்: வலவரின் தலை சுவர்மேல் விழும், தோளும் நாற்காலி முதுகும் மட்டும் நிற்பவரை மறைக்கும். துணியின் விளிம்பும் மரத்தின் விளிம்பும் கத்தரிக்க எளியவை. முடி சுவர்மேல், தோள் ஆள்மேல் என்ற இந்த ஒரு ஏற்பாடுதான் படத்தில் பாதி வேலை.

அடுத்தது ஒருவர் நிழல் மற்றவர்மேல் விழுவது. ஜன்னல் இடப்பக்கம் என்பதால் வலவர் உண்மையிலேயே அங்கே உட்கார்ந்திருந்தால், நிற்பவரின் இடுப்புக்குப் போகும் வெளிச்சத்தைத் தடுப்பார். நிற்பவரைத் தனியாக எடுத்தால் இடுப்பு பளிச்சென்று இருக்கும். காரணம் புரியாவிட்டாலும் ஒட்டவைத்த படம் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும். தீர்வு, பதிலாள். நிற்பவரை எடுக்கும்போது வலவரின் நாற்காலியில் வேறொருவர் அதே சட்டை நிறத்தில் உட்காரட்டும். நிழலை அவர் தருவார். பிறகு வலவரின் உருவம் அவரை மூடிவிடும். பதிலாள் வலவரைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஓரத்தில் எட்டிப் பார்ப்பார். வேறு ஆள் இல்லையென்றால் நாற்காலியில் நிறுத்திய ஒரு பையும், அதன்மேல் அதே நிறத் துணியும் போதும்.

பார்வைக்கும் குறி வேண்டும். வலவர் உட்கார்ந்தபோது கண் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அந்த உயரத்தில் ஒரு கம்பின் நுனியில் காகிதம் ஒட்டி நாற்காலியருகே நிறுத்த வேண்டும். இடவர் அந்தக் காகிதத்தைப் பார்ப்பார். குறி இல்லாமல் எடுத்தால் பார்வை பெரும்பாலும் எதிராளியின் தலைக்கு மேலே போகும்.

இடவர் கையில் ஒரு குதிரை. அது முதல் ஷாட்டுக்கு முன்பே பலகையிலிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நான்கு ஷாட்டிலும் பலகை மாறவே கூடாது. நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப்.

மார்ச் 16, சனி

வானம் மூடியிருந்தது. காலி ஷாட், சோபாக்காரர், பதிலாளுடன் நிற்பவர், இடவர், பதிலாளுடன் வலவர் (இம்முறை இடவரின் நாற்காலியில்), மீண்டும் காலி. ஏழு நிமிடம். பின்னாலிருந்து முன்னுக்கு என்ற இந்த வரிசையே பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களின் வரிசை.

சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை. ராவிலிருந்து எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் டிஃப் கோப்புகளாக்கி, முதல் காலி ஷாட்டையும் கடைசிக் காலி ஷாட்டையும் இமேஜ்மேஜிக் என்ற கட்டளைவரிக் கருவியில் கழித்துப் பார்த்தது:

```
magick kaali1.tif kaali2.tif -compose difference -composite -evaluate Multiply 8 vithiyasam.png
```

வேறுபாடு எட்டு மடங்காகத் தெரியும். படம் புள்ளிப்புள்ளியான கறுப்பாக இருந்தால் கேமரா அசையவில்லை. கதவு, ஜன்னல் விளிம்புகளில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் முக்காலி நகர்ந்திருக்கிறது. விளிம்பின்றி மொத்தமும் சாம்பலாக இருந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது. இன்று கறுப்பு. அதனால் லேயர்களைத் தானாகப் பொருத்தும் கருவியைத் தொடவில்லை. தேவையில்லாமல் ஓட்டினால் அது ஒவ்வொரு லேயரின் பிக்சல்களையும் புதிதாகக் கணக்கிட்டு மங்கலாக்கும்.

மார்ச் 17, ஞாயிறு

சேர்ப்பு ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில். `File > Open as Layers`, அடியில் காலி அறை. மேலே உள்ள ஒவ்வொரு லேயருக்கும் `Black (full transparency)` மாஸ்க், அதாவது லேயர் முழுவதையும் மறைக்கும் திரை, போட்டு, ஆள் தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளைப் பிரஷால் தீட்ட வேண்டும்.

ஆளின் ஓரத்தை ஒட்டி வரையக் கூடாது. புதிதாகச் செய்பவர் முதலில் செய்யும் பிழை இதுதான். பின்னணி ஒன்றேதான் என்பதால், ஆளைச் சுற்றி ஒரு கை அகலம் சுவரையும் தரையையும் சேர்த்தே மென்மையான பெரிய பிரஷால் எடுத்துக்கொள்ளலாம். அப்போது முடியும் தரைநிழலும் தாமாகவே வந்துவிடும். சோபாவில் விழுந்த குழிவும் சேர்ந்து வர வேண்டும். அதை விட்டால் ஆள் மெத்தைமேல் மிதப்பார்.

கூரான பிரஷ் தேவைப்பட்டது ஓரிடத்தில் மட்டும்: வலவரின் தோளிலிருந்து நாற்காலி முதுகு வரை. அங்கே படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, விளிம்பிலிருந்து ஒரு பிக்சல் உள்ளே தள்ளி மாஸ்க் வரைந்தால் சுவர் நிறம் ஒட்டாது. விளிம்புக்கு ஒரு பிக்சல் மங்கலும் வேண்டும். முழுக் கூர்மையாக விட்டால் கத்தரித்த காகிதம்போல இருக்கும். நாற்காலி முதுகின்மேல் உள்ள விரல்கள் நிற்பவரின் லேயரிலிருந்து வருபவை, அதனால் வலவரின் மாஸ்க் அந்த விரல்களுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது.

வலச்சுவரில் வலவர் நிழலும் நிற்பவர் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பதிலாள் இருந்ததால் நிற்பவரின் லேயரிலேயே இரண்டும் சரியாகக் கலந்திருந்தன. வலவரின் மாஸ்க்கைச் சுவர்ப்பக்கம் நீட்டாமல் விட்டால் போதும். பதிலாள் இல்லாமல் எடுப்பவர், சுவர்ப் பகுதியை மட்டும் தனி லேயராக்கி `Darken only` முறையில் வைக்கலாம். கூர்மையான நிழலுக்கு அது சரியாக வரும். மென்மையான ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு நிழல்களின் மங்கலான ஓரங்கள் சேருமிடம் உண்மையைவிடக் கொஞ்சம் வெளிறி நிற்கும், அங்கே மட்டும் `Curves` கொண்டு சிறிது இருட்டாக்க வேண்டியிருக்கும்.

இறுதியாக எல்லாவற்றையும் ஒரே லேயராக்கிய பிறகுதான் நிறத் திருத்தமும் கூர்மையும். அதற்கு முன் தனி லேயரில் கூர்மை ஏற்றினால், மாஸ்க்கின் மென்மையான ஓரத்தில் இரைச்சல் திடீரென மாறும் வட்டம் தெரியும்.