87 ஸ்விட்சுகளுக்கு கிரீஸ் போட்ட கதை

என் கீபோர்டில் தட்டும்போது இரண்டு சத்தங்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. கீயை மெதுவாக அழுத்தினால் உப்புத்தாளில் விரலை இழுப்பது போன்ற ஒரு சொரசொரப்பு. வேகமாகத் தட்டிவிட்டு விரலை எடுத்தால் உள்ளே ஸ்பிரிங்கின் 'ங்ங்' என்ற ரீங்காரம். இது ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டு. ஸ்விட்சுகள் லீனியர் வகை. நடுவில் முட்டலோ கிளிக்கோ இல்லாமல் நேராக இறங்குபவை என்பதால் சொரசொரப்பு அப்படியே விரலுக்குத் தெரிந்துவிடும். கீபோர்டு ஹாட்ஸ்வாப் வகை. சால்டரிங் இல்லாமலே ஸ்விட்சைப் பிடுங்கி மறுபடி சொருகலாம். விரல் படும் பிளாஸ்டிக் தொப்பியான கீகேப்பைப் புதிதாக மாட்டத்தான் போகிறோம், அப்படியே ஸ்விட்சுக்கும் கிரீஸ் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். மொத்தம் 87 கீ. இரண்டு மாலைகள் முழுசாகப் போயின.

முதலில் கேபிளைக் கழற்றிவிட்டுக் கீபோர்டை மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். கீகேப்பைக் கழற்ற, பிளாஸ்டிக் வளையத்தைவிடக் கம்பி வைத்த புல்லர்தான் நல்லது. வளையம் கீகேப்பின் பக்கங்களைக் கீறிவிடும். கம்பிகளை எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேர் மேலே இழுத்தால் போதும். ஸ்விட்சை எடுப்பதுதான் கொஞ்சம் முரண்டு. திரையைப் பார்த்த பக்கமும் நம்மைப் பார்த்த பக்கமும் சின்னக் கொக்கிகள் கீபோர்டின் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்விட்ச் புல்லரால் இரண்டையும் அமுக்கிப் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்து இழுத்தால் ஸ்விட்சின் அடியில் இருக்கும் உலோகப் பின்கள் வளையும்.

ஸ்விட்ச் ஓப்பனரில் வைத்து அழுத்தினால் மேல்மூடி பிரிந்து வரும். உள்ளே கீயோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஸ்டெம், ஸ்பிரிங், அடிப்பெட்டி. அடிப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று நிற்கும். ஸ்டெமில் இருக்கும் இரண்டு கால்கள் அந்தத் தகட்டைத் தள்ளிப் பிடித்திருக்கும். கீ இறங்கும்போது கால்கள் விலக, தகடு தொட்டு மின்தொடர்பு ஏற்பட்டு, எழுத்து விழும். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான் வாங்கியது கிரைடாக்ஸ் 205 ஜி0 என்ற கிரீஸ். லீனியர் ஸ்விட்சுக்குப் பலரும் போடுவது இதைத்தான். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். முதல் பத்து ஸ்விட்சுகளுக்கு, "இவ்வளவு சிக்கனமாகப் போட்டால் எப்படி வழுக்கும்?" என்ற நினைப்பில் பிரஷை நன்றாகத் தோய்த்துப் பூசினேன். மூடி அழுத்திப் பார்த்தால் சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. அதோடு உயிரும் போயிருந்தது. விரலை எடுத்த பிறகு கீ சோம்பேறித்தனமாக மேலே வந்தது. சேற்றில் கால் வைத்து எடுப்பது போல இருந்தது.

ஆல்கஹாலில் போட்டால் கரைந்துவிடும் என்று ஒரு கிண்ணத்தில் ஊறவைத்தேன். அசையவே இல்லை. இந்த கிரீஸின் அடிப்படை எண்ணெய் சாதாரணக் கரைப்பான்கள் எதிலும் கரையாத ரகம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் டிஷ்யூவைச் சுருட்டி மூலை மூலையாகத் துடைத்து எடுத்தேன். பத்து ஸ்விட்சைத் துடைக்க ஆன நேரத்தில் முப்பது ஸ்விட்சுக்குப் புதிதாகவே பூசியிருக்கலாம். ஒரே ஒரு ஸ்விட்சைப் போட்டு, கீபோர்டில் சொருகி, கிரீஸ் போடாத பக்கத்து ஸ்விட்சோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஆரம்பித்திருக்க வேண்டும்.

பிறகு கைவந்த அளவு இது: 00 நம்பர் பிரஷின் நுனியை மட்டும் தொட்டு, டப்பா விளிம்பில் இரண்டு தரம் வழித்துவிட வேண்டும். பூசிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது ஈரம் பட்டது போன்ற பளபளப்பு மட்டும் தெரிந்தால் சரி. அடிப்பெட்டியில் ஸ்டெம் உரசி இறங்கும் இரண்டு பக்கத் தடங்களிலும் ஒவ்வொரு இழுப்பு. ஸ்டெமின் நான்கு பக்கமும் மெல்லிய பூச்சு. கால்களில் பிரஷில் மிச்சமிருப்பது போதும். கீகேப் மாட்டும் கூட்டல்குறிப் பகுதியைத் தொடவே கூடாது, கீகேப் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உலோகத் தகட்டுக்கும் பூசவில்லை. உங்களுடையது நடுவில் முட்டும் டேக்டைல் வகை என்றால் கால்களையும் விட்டுவிடுங்கள். அந்த முட்டலே அங்கேதான் பிறக்கிறது, பூசினால் மழுங்கிவிடும்.

ஸ்பிரிங்குக்கு பிரஷ் வேண்டாம். எல்லா ஸ்பிரிங்கையும் ஒரு ஜிப் பையில் போட்டு, மெல்லிய கிரைடாக்ஸ் 105 எண்ணெயில் சில சொட்டுகள் விட்டு, காற்றடைத்து மூடி இரண்டு நிமிஷம் குலுக்கினேன். ரீங்காரம் போனது இதனால்தான். பையைத் திறந்தால் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும், பிரிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இனி மூடுவது. ஸ்பிரிங்கை அடிப்பெட்டியின் நடுக்குழலில் நிறுத்தி, அதன்மேல் ஸ்டெமை வைத்து, மேல்மூடியை அழுத்தினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். ஸ்டெமின் கால்கள் உலோகத் தகட்டைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் தூக்கக் கலக்கத்தில் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கேபிளைச் செருகியதும் திரையில் kkkkkkkk என்று ஓடத் தொடங்கியது. தகட்டைத் தள்ளிப் பிடிக்கக் கால் இல்லாததால் அந்தக் கீ எப்போதும் அழுத்தியபடியே இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. கழற்றி ஸ்டெமைத் திருப்பி வைத்ததும் அடங்கியது.

சொருகும்போது ஒவ்வொரு ஸ்விட்சையும் தலைகீழாகப் பிடித்து இரண்டு பின்களும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். நான் பார்க்காமல் சொருகியதில் மூன்று கீகள் வேலை செய்யவில்லை. பிடுங்கிப் பார்த்தால், பின் சாக்கெட்டுக்குள் போகாமல் ஸ்விட்சின் அடியில் மடிந்து படுத்திருந்தது. இடுக்கியால் நிமிர்த்தினால் ஓரிரு தடவை தாங்கும். அதைவிட மோசம், பின் இறங்காதபோது இன்னும் ஓங்கி அழுத்துவது. சாக்கெட் போர்டின் பின்பக்கம் சால்டர் வைத்து ஒட்டியிருக்கிறது. அது பெயர்ந்து வந்தால் சால்டரிங் அயர்ன் இல்லாமல் தப்ப முடியாது. இறங்க மறுத்தால் எடுத்துப் பார்ப்பதே வழி. கீகேப் மாட்டும் முன்பே, விண்டோஸில் `osk` என்று தட்டித் திரைக் கீபோர்டைத் திறந்து எல்லாக் கீயையும் ஒருமுறை சோதித்தேன்.

கீகேப் மாட்டுவது அரை மணி நேர வேலை. வரிசைக்கு வரிசை சரிவும் உயரமும் வேறு என்பதால் மாறிப் போனால் விரலுக்கே தெரியும். மேலே எழுத்து அச்சிடாத கீகேப் என்றால் முதலில் வரிசைவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொள்வது நல்லது. ஸ்பேஸ் பாரின் கலகலப்பு மட்டும் போகவில்லை. அது ஸ்விட்சில் இல்லை, நீளக் கீ சாயாமல் இரு முனையிலும் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியில். ஊசியில்லாத சிரிஞ்சால் கம்பி நுனி நுழையும் இடத்தில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் விட்ட பிறகு பெரும்பாலும் அடங்கியது. இடது ஓரத்தில் தட்டினால் இன்னும் லேசாகக் கேட்கிறது. அதற்கு போர்டையே கழற்ற வேண்டும், இப்போதைக்குத் தெம்பில்லை.

Pause கீயின் ஸ்விட்சுக்கு மட்டும் வேண்டுமென்றே கிரீஸ் போடவில்லை. அது எதற்கும் உதவாத கீ. யாராவது "இவ்வளவு பாடுபட்டு என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் அதை ஒரு தட்டு, பக்கத்துக் கீயை ஒரு தட்டு தட்டிக் காட்டுகிறேன்.