வடியில் தங்கிய பழம்

கொழும்பில் ஒரு மருத்துவமனையின் உணவியல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டுகளில், மலச்சிக்கலோடு வருகிறவர்களிடம் "நாளும் பழம் எடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அடுத்த முறை வரும்போது, சொன்னபடி எடுத்ததாகவே அவர்களும் சொல்வார்கள்; மலம் மட்டும் இளகியிருக்காது. "எடுப்பது" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் கடித்துச் சாப்பிடுவதும் வடித்துக் குடிப்பதும் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன என்பதை எனக்குப் புரியவைத்தவர், வெள்ளவத்தையிலிருந்து மருமகளோடு வந்த, அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா.

அவருக்குக் கிழமையில் இரண்டு நாளோ மூன்று நாளோதான் மலம் கழிந்தது. ஏழு வகை மலத்தைப் படமாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டவணையை நீட்டியபோது, தயக்கமின்றி முதலாவது படத்தைத் தொட்டு, "ஆட்டுப்புழுக்கை மாதிரித்தான் மிஸ்" என்றார். இரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, இந்தத் தொல்லை திடீரெனத் தொடங்கியதா என்பவற்றையெல்லாம் மருத்துவர் ஏற்கெனவே பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று எழுதித்தான் என்னிடம் அனுப்பியிருந்தார். எலும்புக்காக எடுத்த கல்சியம் குளிசையும் மலத்தை இறுக்கக்கூடியது என்பதை அவரே குறித்திருந்தார். நான் பழத்தைப் பற்றிக் கேட்டதும் அம்மாவின் முகம் சற்று வாடியது. "நான் நாளும் மூண்டு தோடம்பழம் எடுக்கிறன் மிஸ். அதுக்கு மேல எப்படி எடுக்கிறது?" என்றார்.

மூன்று தோடம்பழம் என்பது குறைந்த அளவன்று. அதனால்தான் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று மருமகளிடம் கேட்டேன். தோலை உரித்து, வெள்ளைப் பகுதியைக் கத்தியால் சுரண்டி, விதையை எடுத்து, பிளெண்டரில் அடித்து, தேநீர் வடியில் இரண்டு முறை வடித்து, இரண்டு தேக்கரண்டி சீனி போட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். மாமியாருக்குத் தொண்டையில் எதுவும் தடக்கக்கூடாது என்ற அக்கறையில்தான் இரண்டாவது முறையும் வடித்திருக்கிறார்.

அடுத்த முறை வரும்போது மூன்று பழங்களையும் அதே வடியையும் கொண்டுவரச் சொன்னேன். சமையல் செய்துகாட்டும் அறையில், அவர் வீட்டில் செய்வது போலவே செய்தார். நான் ஒவ்வொரு கட்டத்திலும் தராசில் வைத்தேன். உரித்த பழம் 390 கிராம் இருந்தது. கிளாஸில் இறங்கிய சாறு ஏறத்தாழ 240 கிராம். வடியில் தங்கி, குப்பைக்கூடைக்குப் போகக் காத்திருந்தது ஏறத்தாழ 140 கிராம். ஈரமான, வெளிர்மஞ்சள் நிறமான அந்தத் திரளை விரலால் விரித்துக் காட்டினேன்: சுளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோல் கிழிந்த துண்டுகளாகவும், சாற்றுப் பைகளின் உறைகள் நூல் நூலாகவும் கிடந்தன. அத்தனை தோடம்பழத்தில் ஏறத்தாழ 9 கிராம் நார்ச்சத்து இருக்கும். நன்றாக வடித்த ஒரு கிளாஸ் சாற்றில் அரைக் கிராம் அளவுதான் எஞ்சும். சீனியோ பெரும்பகுதி கிளாஸுக்குள் இறங்கிவிடுகிறது: போட்ட இரண்டு தேக்கரண்டியை விட்டுவிட்டாலும் பழத்தின் சொந்தச் சீனியே 20 கிராம் அளவில் இருக்கும்.

அந்த அம்மாவின் குடலில் என்ன நடந்தது என்பது இதிலிருந்தே தெளிவாகும். தோடஞ்சாற்றின் சீனியும் நீரும் சிறுகுடலிலேயே ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. பெருங்குடலைச் சென்றடைய அதில் மிகக் கொஞ்சமே மிஞ்சுகிறது. சுளைத்தோலிலும் சக்கையிலும் உள்ள செல்லுலோஸ் என்ற நாரைச் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடல் கிருமிகளும் அதை முழுதாக உடைப்பதில்லை. ஆகவே அது தன் உருவத்தைப் பெரும்பாலும் இழக்காமல் கடைசிவரை போய், மலத்துக்குப் பருமனைக் கொடுத்து, குடற்சுவரை உரசி, அங்கே நீரும் சளியும் சுரக்கத் தூண்டுகிறது. வெள்ளைப் பகுதியில் நிறைந்திருக்கும் பெக்டின் என்ற இன்னொரு வகை நார் வேறு வழியில் உதவுகிறது: அதைக் கிருமிகள் உண்டு பெருகுகின்றன, பெருகிய கிருமிகளே மலத்தின் ஒரு பங்காகின்றன. கத்தியால் சுரண்டி எறிந்தது இந்தப் பெக்டினைத்தான்.

சாறு எதுவுமே மலச்சிக்கலுக்கு உதவாது என்று இதற்காகச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லி ஒருமுறை நான் தவறியிருக்கிறேன். குழந்தைக்கு ஆப்பிள் சாறோ பேரிக்காய்ச் சாறோ கொஞ்சம் கொடுக்கும்படி குழந்தை மருத்துவர் சொன்னதாக ஒரு தாய் கூறியபோது, அது வீண் என்றேன். மருத்துவர் சொன்னதுதான் சரி. இந்தப் பழங்களிலும் உலர்ந்த பிளம்ஸிலும் சோர்பிட்டோல் என்ற, மெதுவாகவே உறிஞ்சப்படும், சீனியைப் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. அது நீரைக் குடலுக்குள் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. வடித்தாலும் அது சாற்றோடுதான் போகும். தோடம்பழத்தின் கதை வேறு: அது மலத்துக்குச் செய்யும் உதவி பெரும்பாலும் சக்கையில்தான் இருக்கிறது.

பிறகுதான் முக்கியமான காரணம் வெளிப்பட்டது. அம்மாவுக்குக் கட்டுப்பல், சுளைத்தோல் பல்லுக்கடியில் மாட்டி வலிக்கிறது, கொய்யாப்பழ விதையோ அதைவிட மோசம். சாற்றுக்குப் போனது சோம்பலால் அன்று. ஆகவே "முழுப் பழத்தைக் கடியுங்கோ" என்று சொல்வதில் பயனில்லை. முதல் கிழமை ஒரேயொரு மாற்றம் செய்தோம்: வெள்ளைப் பகுதியைச் சுரண்டாமல் இரண்டு பழத்தைப் பிளெண்டரில் சிறிது நேரம் மட்டும் அடித்து, வடிக்காமல், சீனியில்லாமல், கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவது. பிளெண்டர் நாரை அழிப்பதில்லை, நறுக்கத்தான் செய்கிறது. ஆனால் குடற்சுவரை உரசும் வேலைக்குப் பருமனான துண்டுகளே உகந்தவை என்பதால் மாவாகும்வரை அடிக்க வேண்டாம் என்றேன். இரண்டாம் கிழமை, கனிந்த பப்பாசிப்பழம் ஒரு கோப்பையும், தோலோடு துருவிய ஓர் ஆப்பிளும் சேர்த்தோம். நடுத்தர ஆப்பிளில் 4 கிராம் அளவில் நார் உண்டு. தோலைச் சீவினால் அதில் கணிசமான பங்கு போய்விடும். அந்தத் தோலைக் குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். பப்பாசி, அன்னாசி, மாம்பழம் ஆகியவற்றின் தோலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். அவருக்கும் முதல் நான்கு நாள் காற்றுத் தொல்லை இருந்தது, மருமகள் தொலைபேசியில் அழைத்து நிறுத்திவிடலாமா என்று கேட்டார். அளவைப் பாதியாக்கி, நிறுத்தாமல் தொடரச் சொன்னேன். நாளுக்கு மூன்று தேநீரைத் தவிர வேறு தண்ணீர் அதிகம் குடிக்காதவர் என்பதால், சாப்பாட்டுக்கு இடையில் நான்கு கிளாஸ் தண்ணீரும் சேர்த்தோம், ஏனெனில் நீரில்லாத நார் தானே அடைப்பாகிவிடக்கூடும். சிறுநீரக வருத்தம் உள்ள ஒருவருக்கு இதே அட்டவணையைக் கொடுக்க மாட்டேன். பழத்தின் பொட்டாசியமும் நீரின் அளவும் அவருக்கு மருத்துவர் வகுக்க வேண்டியவை.

நான்காவது கிழமையில் அம்மா அட்டவணையில் நான்காம் படத்தைத் தொட்டார். கிழமையில் ஐந்து நாள் போகிறது என்றார். கல்சியம் குளிசை நிற்கவில்லை, வேறு மருந்தும் சேரவில்லை. மருமகள், பழைய வடியைத் தேநீருக்கு மட்டும் வைத்திருப்பதாகச் சொன்னார். இப்போதெல்லாம் "பழம் எடுக்கிறீங்களா?" என்று நான் கேட்பதில்லை, "கடிக்கிறீங்களா, அடிக்கிறீங்களா, வடிக்கிறீங்களா?" என்றுதான் கேட்கிறேன், பதிலைக் கோப்பின் முதல் வரியில் எழுதிவிட்டே அடுத்த கேள்விக்குப் போகிறேன்.