கான்பூருக்கு எழுதும்போது ‘ஆப்’ மட்டும் போதாது

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிள்ளானில். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர். கல்யாணம் ஆகி நான் வேலூருக்கு வந்தபோது, நாடுதான் புதுசு, மொழி நம்முடையதுதானே என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். சத்துவாச்சாரியில் வீடு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தில் வேலை. பேச்சில் ‘இன்னா’, ‘வந்துக்கினு’ எல்லாம் சீக்கிரமே காதுக்குப் பழகிவிட்டன. ஆனால் என் மேசையில் தமிழுக்கு ஈடாக இந்தியும் வந்து உட்காரும் என்று யாரும் சொல்லவில்லை. பெல்ட்டுக்கும் குதிரைச் சேணத்துக்கும் வேண்டிய தடித்த எருமைத் தோல் எங்களுக்குக் கான்பூரிலிருந்து வருகிறது. அங்கே இருப்பவர்களுக்கு மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போகும். ஆனால் வேலை நடப்பது வாட்ஸப்பில், ரோமன் எழுத்தில் எழுதும் இந்தியில்.

மலாயில் ‘நீ’, ‘நீங்கள்’ என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு ‘என்சிக்’, ‘புவான்’ என்று மரியாதைப் பெயரை வைத்தே பேச்சை முடித்துவிடலாம். தமிழில் ‘நீங்க’ என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் வினையும் தானாகவே ‘வாங்க’, ‘அனுப்புங்க’ என்று வந்துவிடும். இந்தியில் எதிரில் இருப்பவரை அழைக்க ஆப், தும், தூ என்று மூன்று, மரியாதை இந்த வரிசையில் இறங்கும். தூ என்பது நெருங்கிய நண்பர்களுக்கும் வீட்டுக்கும் கடவுளுக்கும் உரியது, அலுவலகச் செய்தியில் அதற்கு வேலையே இல்லை. மிச்சம் இரண்டு. அப்படியானால் எல்லோருக்கும் ஆப் என்று எழுதிவிட்டால் முடிந்தது என்றுதான் புதிதாக வருகிற எல்லோரும் நினைப்பார்கள். முடியாது. மரியாதையின் பெரும்பகுதி வினையின் வாலில் இருக்கிறது.

‘அனுப்பு’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தும் சொல்கிற இடத்தில் அது ‘பேஜோ’. ஆப் சொல்கிற இடத்தில் ‘பேஜியே’. அதையே இன்னும் மென்மையாக, உடனே இல்லாவிட்டாலும் நேரம் பார்த்து அனுப்புங்கள் என்ற தொனியில் சொன்னால் ‘பேஜியேகா’. கூடவே ‘கொடு’ என்கிற தேனா வினையைச் சேர்த்து ‘பேஜ் தீஜியே’, ‘பேஜ் தீஜியேகா’ என்று எழுதினால், நமக்காகச் செய்துகொடுங்கள் என்கிற ஒட்டுதல் வருகிறது. தமிழில் ‘அனுப்புங்க’ என்பதற்கும் ‘அனுப்பிக் கொடுங்க’ என்பதற்கும் உள்ள அதே தூரம்தான். ‘செய்’ என்பதற்கு ‘கீஜியே’ என்பது ஏட்டு வடிவம். ‘கரியே’ என்றும் பேச்சில் நிறையக் கேட்கும், ஆனால் எழுதும்போது ‘கீஜியே’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

பெயரில்லாமல் வினையை மட்டும் எழுதும் செய்திகளே அதிகம் என்பதால், ஆப் என்ற சொல் பெரும்பாலும் செய்தியில் இருக்காது. வால்தான் சொல்லிவிடும். அப்புறம், ‘ஆப் பேஜோ’ என்று இரண்டையும் கலந்து எழுதுவது இருக்கிறதே, டெல்லி, பஞ்சாப் பக்கம் பேச்சில் இது சர்வ சாதாரணம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் லக்னோ, கான்பூர் வட்டாரத்தில் வீட்டுக் குழந்தைகளைக்கூட ஆப் என்று அழைக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே வளர்ந்த ஒருவர் கைபேசியில் அந்தக் கலவையைப் படித்தால், பாதி மரியாதை கொடுத்துப் பாதியை எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

நம் வேலூரில் இந்தி கற்கிறவர்களுக்கு இது ஏன் நழுவுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறவர்களை நம்பிக் காந்தி ரோட்டில் எத்தனையோ கடைகளும் லாட்ஜுகளும் நடக்கின்றன. பலகைகளில் இந்தியும் வங்காளியும் இருக்கும். அங்கே கடைக்காரர்கள் பேசும் இந்தி ‘ஆவோ, பைட்டோ, தேகோ, லோ’ என்று போகும், அதாவது வா, உட்கார், பார், எடுத்துக்கொள். எல்லாமே தும் வடிவம். வந்தவருக்கு அது புரிகிறது, சிரித்த முகத்தோடு சொல்வதால் உறைப்பதும் இல்லை. அந்த இந்தியைக் காதால் பிடித்தவர்கள் அதே வடிவத்தைச் செய்தியில் எழுதும்போதுதான் சிக்கல். முகமும் குரலும் இல்லாமல் ‘லோ’ மட்டும் போய்ச் சேருகிறது.

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். கான்பூர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுக்குக் கிரண் என்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். கறுப்பு பெல்ட் தோலின் டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லை, அது இல்லாமல் ஏற்றுமதிச் சரக்கை நகர்த்த முடியாது. காட்பாடியிலிருந்து வரும் தம்பி ஒருவன் என்னோடு வேலை செய்கிறான், இந்தி நன்றாகவே பேசுவான். அவன் எழுதியது இது: ‘கிரண் பாய், ரிப்போர்ட் க்யோன் நஹீன் பேஜீ, ஜல்தி பேஜோ.’ கிரண் பாய், ரிப்போர்ட்டை ஏன் அனுப்பவில்லை, சீக்கிரம் அனுப்பு. அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினான்.

முதலில் பெயரைப் பார்த்தோம். கிரண் ஆணா பெண்ணா? இந்தப் பெயர் இருவருக்கும் உண்டு. ‘பாய்’ என்றால் ஆண் என்று முடிவுகட்டியாகிறது. ‘சார்’, ‘மேடம்’ போட்டாலும் அதே கதை. ‘ஜி’ மட்டும் யாருக்கும் பொருந்தும், முதல் பெயரோடும் வரும், குடும்பப் பெயரோடும் வரும். நம் அலுவலகங்களில் அண்ணா, அக்கா என்று முதல் நாளே ஒட்டிக்கொள்வது வழக்கம், அது அழகான வழக்கமும்கூட. ஆனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுத்தில் ‘பய்யா’, ‘பாய்’ என்று போடுவது வேறு மாதிரி கேட்கும். டெல்லியில் ஆட்டோ ஓட்டுநரையும் காய்கறிக்காரரையும் அழைக்கும் சொல் பய்யா. பழகியபின் அவரே வழி திறந்தால் வரட்டும்.

அடுத்தது வினை. ‘அனுப்ப முடியுமா’ என்று பணிவாகக் கேட்கலாம் என்றான் தம்பி. ‘ஆப் பேஜ் சக்தே ஹைன்’ என்றால் ஆண், ‘சக்தீ ஹைன்’ என்றால் பெண். மறுபடி அதே சுவர். தமிழில் ‘உங்களால் முடியுமா’ என்பதில் ஆண்பால் பெண்பால் தெரியாது, அதனால் இந்த ஆபத்து நமக்கு எழுதும்போது தோன்றுவதே இல்லை. ஏவல் வடிவத்தில் பால் கிடையாது. ‘பேஜ் தீஜியேகா’ என்பது இருவருக்கும் ஒன்றுதான்.

கடைசியாக ‘க்யோன் நஹீன்’. ஏன் இல்லை என்று கேட்டால் எவ்வளவு ஆப் போட்டாலும் விசாரணைதான். அனுப்பாதவரை விட்டுவிட்டு வராத ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசினால் போதும். இப்படி மாற்றினோம்:

‘கிரண் ஜி, நமஸ்தே. காலே பெல்ட் லெதர் கீ டெஸ்ட் ரிப்போர்ட் ஹமேன் அபீ தக் நஹீன் மிலீ ஹை. ஹோ சகே தோ ஆஜ் ஷாம் தக் பேஜ் தீஜியேகா. தன்யவாத்.’

கிரண் ஜி, வணக்கம். கறுப்பு பெல்ட் தோலின் டெஸ்ட் ரிப்போர்ட் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. முடிந்தால் இன்று மாலைக்குள் அனுப்பிக் கொடுங்கள். நன்றி. ‘ஆப்’ என்ற சொல் இதில் ஒரு முறைகூட இல்லை.

“இன்னாக்கா, ரெண்டு வார்த்தையில முடியறதுக்கு இவ்ளோ நீளமா?” என்றான். நீளம்தான். பதில் வந்தது: ‘ஜி, அபீ பேஜ் ரஹீ ஹூன்.’ இதோ அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ‘ரஹீ’ என்று இருப்பதால் எழுதியது பெண். ஆணாக இருந்தால் ‘ரஹா’ என்று எழுதியிருப்பார். பால் தெரியாதபோது ஏவல் வடிவத்தில் எழுதி, அவர் தன்னைப் பற்றி எழுதும் வினையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே நல்ல வழி. அதற்கப்புறம் ‘சக்தீ ஹைன்’ என்று தைரியமாக எழுதலாம்.

ரோமன் எழுத்தில் இன்னொரு சின்ன விஷயம். ‘ஹை’ ஒருமை, ‘ஹைன்’ மரியாதைப் பன்மை, அந்தக் கடைசி ஒலி மூக்கொலிதான். அவசரத்தில் கடைசி ‘என்’ எழுத்தை விட்டுவிட்டால் மரியாதையும் விட்டுப்போகும். இந்திக்காரர்களே வாட்ஸப்பில் விடுவதுண்டு, அதனால் பெரிய குற்றமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வெளியூர்க்காரரான நம்மிடமிருந்து வரும்போது அது அவசரமா, தெரியாமையா, அலட்சியமா என்று படிப்பவருக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

எதிரில் இல்லாதவரைப் பற்றி எழுதும்போது இதே கவனம் இரட்டிப்பாக வேண்டும். இங்கேதான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. நாம் மேலாளரை ‘வந்தான்’ என்று சொல்வோமா? ‘வந்தார்’ என்போம். இந்தியில் அந்த ‘ஆர்’ விகுதிக்குப் பதில் பன்மை. ‘மிஷ்ரா ஜி ஆயே ஹைன்’ என்றால் வந்திருக்கிறார், ‘ஆயா ஹை’ என்றால் வந்திருக்கிறான். ‘அவருடைய’ என்பதும் ‘உன்கா’ தான், ‘உஸ்கா’ அல்ல. ஜி போட்டுவிட்டு ‘ஆயா ஹை’ என்று முடிப்பதைப் புதிதாக எழுதுகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். குழுவில் அவரும் இருந்தால், தன்னைப் பற்றி அப்படி எழுதியதை அவரே படிப்பார்.

எப்போது ஆப் விட்டுத் தும்முக்கு வருவது? என் வழக்கம், நானாக முதலில் இறங்குவதில்லை. கான்பூரில் உள்ள மூத்த அதிகாரி ஒருவர் எனக்கு ‘பேட்டா, போட்டோ பேஜ் தோ’ என்று எழுதுவார். வயதிலும் பதவியிலும் பெரியவர், மகளிடம் பேசுவது போல வாஞ்சையாக எழுதுகிறார், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அது மேலிருந்து கீழே மட்டும் வரும் பாதை. நான் திருப்பி எழுதுவது எப்போதும் ‘தேக் லீஜியேகா’ தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

சம வயதுக்காரர்கள் விஷயம் வேறு. கிரண் இப்போது எனக்குத் தனியாக எழுதும்போது ‘தும்’ என்கிறாள், நானும் தும் என்றே எழுதுகிறேன். இந்த இறக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தும் ஆகிவிட்ட பிறகு திடீரென்று ஆப் என்று எழுதினால் கோபம் என்றுதான் படும். ரிப்போர்ட் தாமதமான ஒரு நாளில் சும்மா பணிவுக்காக ஆப் போட்டால்கூட, என்ன ஆச்சு என்று போன் வந்துவிடும். ஆனால் இரண்டு ஆலைகளின் ஆட்களும் சேர்ந்திருக்கும் குழுவில் நாங்கள் இருவருமே ஆப் தான் எழுதிக்கொள்கிறோம். அங்கே அவளுக்குக் கீழே வேலை செய்கிற பையன்களும் படிக்கிறார்கள். நான் தும் என்று எழுதினால் அவர்கள் முன்னால் அவள் நிலை இறங்கும். எல்லோரையும் சேர்த்துக் கேட்க வேண்டுமானால் ‘ஆப் சப்’ அல்லது ‘ஆப் லோக்’. ‘தும் லோக்’ என்று குழுவில் எழுதுவதைத் தம்பி இப்போது நிறுத்திவிட்டான்.